முழு நைட்டு ஷிஃப்ட்ல நாவல் எழுதுற ஒரு பொண்ணு: இந்தச் சிறுகதையை எழுதுறது எப்படி, முழுமையான வழிகாட்டி

நைட் ஷிஃப்ட் பாக்குற ஒரு பொண்ணு, பிரேக் நேரத்துல போன்ல நாவல் எழுதுறா. இந்த ஒரு வரியை வச்சு சிறுகதை எழுத நிறைய பேர் ட்ரை பண்ணிருப்பாங்க, நானும் மூணு தடவை எழுதிக் கெடுத்துட்டு நாலாவதுல தான் ஒரு மாதிரி பிடிச்சேன். எங்கெங்க கெட்டுச்சு, எப்படிச் சரி பண்ணேன்னு படிப்படியா சொல்றேன். பொதுவா சொன்னா ஒண்ணும் நிக்காது, அதனால ஒரே ஒரு கதையை எடுத்துக்கிட்டு கடைசி வரைக்கும் போவோம். நாயகி பேரு முத்துமாரி, வயசு 34, வேடசந்தூர் பக்கத்துல ஒரு ஸ்பின்னிங் மில்லுல ரிங் ஃப்ரேம் டிபார்ட்மென்ட்ல சைடர், அதாவது நூல் நூக்குற மிஷினைப் பாத்துக்கிட்டு அறுந்த இழையை ஒட்டுறவ. கற்பனை ஆளு தான். ஆனா நான் ஒரு மில்லுல ஆறு வருஷம் க்வாலிட்டி செக்‌ஷன்ல இருந்தவன், நூல் சுத்தின ட்யூப், மில்லு பாஷையில காப்பு, அதை ராத்திரி ராத்திரி கையில எடுத்துட்டு அந்த ஷெட்டுக்குள்ள சுத்தினவன், அதனால இடம் கற்பனை இல்ல.

படி 1: "நைட் ஷிஃப்ட்"னு எழுதாதீங்க, எந்த ஷிஃப்ட்னு எழுதுங்க

என் முதல் டிராஃப்ட்ல அவ "ஒரு கம்பெனியில்" இரவுப் பணி பாத்தா. அங்கயே கதை செத்துப்போச்சு. ஏன்னா கால் சென்டர் ராத்திரி வேற, ஆஸ்பத்திரி ராத்திரி வேற, மில்லு ராத்திரி வேற. மில்லுல பகல் ஷிஃப்ட், அரை நைட்டு, முழு நைட்டுன்னு மூணு. அரை நைட்டுன்னா சாயந்திரம் நாலு டு பன்னெண்டு, முழு நைட்டுன்னா பன்னெண்டு டு காலைல எட்டு. "இந்த வாரம் எனக்கு முழு நைட்டு"ன்னு ஒரு வரி அவ வாயில வந்தா போதும், மில்லு தெரிஞ்சவன் நிமிர்ந்து உக்காருவான், தெரியாதவனுக்கும் அந்த "முழு"ங்கிற வார்த்தையே என்னவோ சொல்லிரும்.

காலத்தையும் முடிவு பண்ணிக்கோங்க. 1948 ஃபேக்டரி சட்டம் பொம்பளைங்களை ராத்திரி வேலைக்கு வைக்கக்கூடாதுன்னு தான் வச்சிருந்துச்சு, அந்தப் பிரிவை மெட்ராஸ் ஹைகோர்ட் ரத்து பண்ணது 2000 டிசம்பர்ல. அதனால முத்துமாரியோட அம்மா அதே மில்லுல வேலை பாத்திருந்தாலும் முழு நைட்டுன்னா என்னன்னே தெரியாம ரிட்டையர் ஆகியிருக்கலாம். இதைக் கதைக்குள்ள விளக்க வேண்டாம். அம்மா "ராவுல என்னத்தடி பண்ணுவீங்க அங்க"ன்னு கேக்குற மாதிரி ஒரு இடம் வந்தா அதுக்குள்ள இந்த வரலாறு முழுக்க உக்காந்துக்கும்.

படி 2: பிரேக்கைக் கணக்கு போடுங்க, நிஜமா பேப்பர் எடுத்து

பலரும் கோட்டை விடுற இடம் இது. "இடைவேளையில் எழுதினாள்"னு போட்டுட்டுப் போயிருவாங்க, எத்தனை நிமிஷம்னு கேட்டா பதில் இருக்காது. சட்டப்படி அஞ்சு மணி நேரத்துக்கு மேல தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, நடுவுல குறைஞ்சது அரை மணி நேரம் விடணும். ஆனா ரிங் ஃப்ரேம் மிஷினை அரை மணி நேரம் நிறுத்த மாட்டாங்க, அதனால எல்லாருக்கும் ஒரே நேரத்துல பெல் அடிச்சு விடுறது கிடையாது. ரிலீவர் ஒருத்தி வந்து நம்ம மிஷினைப் பிடிச்சாத்தான் நாம நகர முடியும். முத்துமாரிக்கு அது சுமாரா மூணரை மணிக்கு.

இப்ப அந்த 30 நிமிஷத்துல என்னென்ன போகுதுன்னு பாருங்க. தொப்பி, ஏப்ரனைக் கழட்டி உடம்புல ஒட்டின பஞ்சைத் தட்டிட்டு வாசலுக்கு வர்றதுக்கு மூணு நிமிஷம். ஷெட்டுக்குள்ள போன் கொண்டு போகக் கூடாது, அதனால லாக்கர் வரைக்கும் போய் போனை எடுக்க ரெண்டு. பாத்ரூம், அங்க வரிசை, நாலு. கேன்டீன்ல டீயும் கொண்டு வந்த டப்பாவும் சேத்து அஞ்சு. திரும்பப் போனை வச்சுப் பூட்டிட்டு ஷெட்டுக்குள்ள போய் நிக்க ரெண்டு. மிச்சம் 14.

14 நிமிஷம், போன்ல தமிழ் டைப்பிங், நிமிஷத்துக்கு 12 வார்த்தைன்னு வச்சா 170 வார்த்தை கிட்ட வரும். ஷிஃப்ட் வாரா வாரம் மாறுது, மூணு வாரத்துல ஒரு வாரம் தான் முழு நைட்டு, வாரத்துக்கு ஆறு ராத்திரி. மத்த ஷிஃப்ட்ல கேன்டீன் நெறைய ஆளுங்க இருக்கும், எட்டிப் பாப்பாங்க, அதனால அவ முழு நைட்டுல மட்டும் தான் எழுதுறான்னு நான் வச்சுக்கிட்டேன். அப்ப வருஷத்துக்கு 104 ராத்திரி, கிட்டத்தட்ட 18,000 வார்த்தை. 40,000 வார்த்தையில ஒரு நாவல்னா ரெண்டே கால் வருஷம். லீவு, வாந்தி பேதி, பொண்ணு பரீட்சை எதையும் கழிக்காம.

இந்தக் கணக்கு கதையில ஒரு வரி கூட வராது, ஆனா இதைப் போட்டதும் ரெண்டு விஷயம் தானா முடிவாகிருச்சு. ஒண்ணு, கதையில அவ நாவலை முடிக்க மாட்டா, முடிக்கிற கதைன்னா ரெண்டு வருஷத்தைச் சுருக்கணும், சிறுகதை தாங்காது. ஒரே ஒரு ராத்திரி தான். ரெண்டு, 14 நிமிஷத்துல 170 வார்த்தை அடிக்கிறதுன்னா யோசிக்க நேரமே இல்ல. அப்ப அவ எப்ப யோசிக்கிறா?

படி 3: நாவல் எங்க எழுதப்படுதுன்னு கண்டுபிடிங்க

கேன்டீன்ல இல்ல. மிஷினுக்கு நடுவுல தான். இது எனக்குப் புரிஞ்ச அன்னைக்குத் தான் கதை கிடைச்சுது, அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன்.

நூலை முறுக்கிச் சுத்துற கம்பி தான் கதிர். 1008 கதிர் உள்ள பழைய ரிங் ஃப்ரேம் ஒண்ணுல ஒரு பக்கத்துக்கு 504 கதிர், நீளம் 35 மீட்டர் கிட்ட வரும். முத்துமாரி நாலு பக்கம் பாக்குறா, அதாவது ரெண்டாயிரத்துச் சொச்சம் கதிர். 100 கதிருக்கு மணிக்கு மூணு இழை அறுந்துச்சுன்னாலே அவளுக்கு மணிக்கு 60, நிமிஷத்துக்கு ஒண்ணு. அவ வேலை நடக்குறது, அறுந்ததைப் பாக்குறது, ஒட்டுறது, திரும்ப நடக்குறது. ராத்திரி பூரா இதே தான்.

இழை ஒட்டுறதை ஒரு தடவை கிட்டக்க காட்டிருங்க, ஒரே தடவை. முழங்காலால பிரேக்கை அழுத்தி அந்த ஒரு கதிரை மட்டும் நிறுத்துவா, காப்பை உருவி அதுல ஒட்டிக் கிடக்குற நுனியைத் தேடி எடுப்பா, வளையத்து மேல இருக்குற நகத்துண்டு சைஸ் டிராவலர்ல அதை மாட்டி, மேல கொக்கி வழியா விட்டு, ரோலர் வாயில இறங்கிட்டு இருக்குற பஞ்சுல தொடுவா, முழங்காலை எடுப்பா, பிடிச்சுக்கும். அஞ்சாறு செகண்ட். இழை அறுந்த நேரத்துல இருந்து வர்ற பஞ்செல்லாம் கீழ உறிஞ்சு குழாய்க்குள்ள போய்ட்டே இருக்கும், அவ எவ்வளவு லேட்டோ அவ்வளவு கழிவு. ஒட்டுன இடம் தடிப்பா இருந்தா அடுத்த டிபார்ட்மென்ட்ல கோன் சுத்தும்போது வெட்டிருவாங்க, அதுவும் எனக்குத் தெரியும், ஏன்னா அந்தத் தடிப்பை எண்ணிட்டு உக்காந்திருந்தவன் நான் தான்.

கை இதைத் தானா செய்யும், பத்து வருஷம் செஞ்ச கை. கண்ணும் தானா பாக்கும். தலை மட்டும் சும்மா இருக்கு. அங்க தான் நாவல் ஓடுது. ஒரு பக்கம் நடக்க அரை நிமிஷத்துக்கு மேல, அதுக்குள்ள ஒரு வாக்கியம். மிஷின் முனையில திரும்பும்போது வாக்கியம் முடிஞ்சிருக்கணும், இல்லன்னா நடுவுல ஒரு இழை அறுந்து கலைச்சுரும். அதனால அவ வாக்கியம் எல்லாம் சின்னது, ரெண்டு மூச்சுக்குள்ள சொல்லி முடிக்கிற அளவு. மறந்துராம இருக்க வாய்க்குள்ள திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே நடப்பா. மூணரை மணிக்கு ரிலீவர் வரும்போது அவ கிட்ட பதினஞ்சு இருபது வாக்கியம் மனப்பாடமா இருக்கும், கேன்டீன்ல உக்காந்து அதைக் கொட்டுறது தான் மிச்ச வேலை.

அவ பிரேக்ல எழுதல, பிரேக்ல டைப் அடிக்கிறா. தலைப்பு வரியை நம்பி கேன்டீன் மேஜையிலயே கதையை உக்கார வச்சீங்கன்னா ஒரு பொண்ணு போனைத் தட்டுறதை எத்தனை பாரா தான் வர்ணிப்பீங்க. என் ரெண்டாவது டிராஃப்ட் அப்படித்தான் நாசமா போச்சு, நிலா வேற இருந்துச்சு அதுல.

படி 4: போனை ஒரு பொருளா பாருங்க

ரெண்டே ரெண்டு விஷயம் போதும், பேட்டரி சதவீதம், உடைஞ்ச கிளாஸ் எல்லாம் எல்லாரும் எழுதுறது.

ஒண்ணு, போன் அவளைத் தெரியலன்னு சொல்றது. ராத்திரி பூரா இழை தொட்டுத் தொட்டு விரல் நுனி தேய்ஞ்சு வழவழன்னு ஆயிருக்கும், மேல வேர்வை, பஞ்சுத்தூசி. பகல்ல கைரேகை வச்சா திறக்குற போன் மூணரை மணிக்குத் திறக்காது. ரெண்டு தடவை வச்சுப் பாத்துட்டு கோடு போட்டுத் திறப்பா. 14 நிமிஷத்துல பத்து செகண்ட் இதுக்குப் போயிரும். இதே விரலோட ரேஷன் கடை மெஷின்லயும் அவ நின்னிருப்பா, அதை நீங்க சொல்லாமயே வாசகனுக்கு ஞாபகம் வரும்.

இன்னொண்ணு கீபோர்டு. அவ இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு தமிழாக்குற கீபோர்டு தான் வச்சிருக்கா. `aval` அடிச்சா அவ போன்ல அது காட்டுறது "அவல்". கீழ வர்ற வரிசையில "அவள்" இருக்கும், ஆனா அதைத் தொட நின்னா வாக்கியம் போயிரும். அதனால அவ நாவல் முழுக்க கதாநாயகி அவல் தான். அவல் கதவைத் திறந்தாள், அவல் அழுதாள், அவல் அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முதல்ல சிரிப்பு வரும், நாலாவது தடவை வரும்போது சிரிப்பு நின்னு அது அந்தப் பொண்ணோட பேராவே ஆயிரும். நாவல்ல இருந்து எந்த வரியை நீங்க எடுத்துப் போட்டாலும் இந்த "அவல்" அப்படியே இருக்கட்டும், தயவு செஞ்சு திருத்திராதீங்க.

எங்க சேமிக்கிறாங்கிறதும் கேள்வி தான். கூகுள் கீப்ல வச்சேன். அதுல ஒரு நோட்டுக்கு 20,000 எழுத்து கிட்ட தான் இடம், அதுவும் தமிழ்ல "கொ"ன்னு ஒரு எழுத்து போட்டா அது ரெண்டா எண்ணும், சுமாரா 2,500 வார்த்தையில நோட்டு நிறைஞ்சிரும். ஏன் டைப் ஆகலன்னு முதல் தடவை அவளுக்குப் புரியல, அப்புறம் புது நோட்டு திறந்து "அத்தியாயம் 2"ன்னு போட்டா. அவ அத்தியாயம் எல்லாம் ஏன் ஒரே நீளம்னு யாராவது விமர்சகர் பின்னாடி ஆராய்ச்சி பண்ணா பண்ணிக்கட்டும்.

படி 5: அவ என்ன நாவல் எழுதுறா?

மில்லுல கஷ்டப்படுற ஒரு பொண்ணு கதைன்னு எழுதினீங்கன்னா அது உங்க ஆசை, அவ ஆசை இல்ல. எட்டு மணி நேரம் அந்த ஷெட்டுல நின்னவ திரும்பவும் அதே ஷெட்டுக்குள்ள எதுக்குப் போகணும்? அவ படிச்சு வளர்ந்தது பஸ் ஸ்டாண்டுல வாங்குற மாத நாவல், அப்புறம் போன்ல வர்ற தொடர்கதை. அதனால முத்துமாரியோட நாவல் கொடைக்கானல்ல, ஒரு எஸ்டேட் பங்களாவுல நடக்குது. ஒரு சின்ன முதலாளி இருக்கான், பழைய பெட்டி ஒண்ணு இருக்கு, பூட்டின ரூம் ஒண்ணு இருக்கு. அவளுக்கு முழு சந்தோஷமா இருக்கு இதை எழுத.

நாம நக்கல் பண்ற தொனி வந்துரக் கூடாது, இதுல நான் ரொம்ப கவனமா இருந்தேன். ஆனா அவ வேலை அந்த நாவலுக்குள்ள எங்கயாவது ஒழுகும், அவளுக்கே தெரியாம. அந்த இடத்தைக் கண்டுபிடிங்க. எனக்குக் கிடைச்சது ஏசி. பங்களாவுல ஏசி போடுறாங்க, முத்துமாரி எழுதுறா: "ஏசியைப் போட்டதும் ஈரக்காற்று அவல் முகத்தில் வந்து அறைந்தது, முடி எல்லாம் நமத்துப் போனது." எந்த ஊர் ஏசி ஈரக்காத்து அடிக்கும்? மில்லு ஏசி தான். ரிங் ஃப்ரேம் ஷெட்டுல காத்து காய்ஞ்சிருந்தா இழை அறுந்துட்டே இருக்கும், அதனால தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சுக் காத்தை உள்ள விடுவாங்க, ஈரப்பதம் 55, 60ன்னு நிக்கணும். அவளுக்குத் தெரிஞ்ச செயற்கைக் காத்து அது ஒண்ணு தான். கொடைக்கானல்ல ஏசி எதுக்குன்னு கேக்குறீங்களா, அதுவும் சரி தான், அவ கொடைக்கானல் போனது இல்ல.

இப்படி ஒரு இடம் கிடைச்சா போதும். ரெண்டு மூணு வச்சா திட்டம் போட்டு வச்ச மாதிரி தெரியும்.

படி 6: மூணு பொறி, மூணுலயும் நான் விழுந்தேன்

முதல் பொறி "நூல்". நூல்னா நூலும் தான் புத்தகமும் தான், மில்லுல நூல் நூக்குறவ நூல் எழுதுறா, ஆஹான்னு தோணும். எனக்கும் தோணுச்சு, தலைப்பே அது தான் வச்சேன். அப்புறம் தான் உறைச்சுது, நன்னூல்லயே பவணந்தி முனிவர் இதை முடிச்சு வச்சுட்டார். "பஞ்சிதன் சொல்லா"ன்னு ஆரம்பிக்கும் அந்தப் பாட்டு: சொல் தான் பஞ்சு, புலவன் தான் நூக்குற பொண்ணு, வாய் தான் கை, புத்தி தான் கதிர். எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் இவ்வளவு பக்காவா சொல்லிட்ட பிறகு நாம அதைக் கண்டுபிடிச்ச மாதிரி பெருமையா நிக்க முடியாது. கதையில அந்தச் சிலேடை எங்கயும் வராம வெட்டிட்டேன், மில்லுல இருக்குறவங்க வாயில "இழை"ன்னு மட்டும் வச்சேன். வாசகன் தானா போட்டுக்குவான், போட்டுக்காட்டியும் நஷ்டம் இல்ல.

ரெண்டாவது பொறி வீட்டுக்காரர். போனைப் பிடுங்குறான், சந்தேகப்படுறான், அடிக்கிறான். நடக்காதது இல்ல, ஆனா அவன் உள்ள வந்த நிமிஷமே கதை அவனைப் பத்தினதா மாறிரும். முத்துமாரி புருஷன் லாரி ஓட்டுறார், அவ ராத்திரி வேலைக்குப் போறா, அவர் வர்றப்ப அவ இல்ல, அவ வர்றப்ப அவர் இல்ல. ஒரு வரி. முடிஞ்சுது.

மூணாவது, முடிவுல நாவல் புத்தகமா வர்றது, போட்டியில ஜெயிக்கிறது, எம்.டி. கூப்பிட்டுப் பாராட்டுறது. இதைப் பத்தி நான் எதுவும் சொல்லப் போறதில்ல.

படி 7: அந்த ஒரு ராத்திரியைக் கட்டுறது

கதைக்கு ஒரு தடங்கல் வேணும், அது வேலைக்குள்ள இருந்தே வரணும். வெளியில இருந்து பவர் கட், விபத்துன்னு இழுத்துட்டு வராதீங்க.

நாப்பதாம் நம்பர் நூல் ஓடுற மிஷின்ல காப்பு நிறைய கிட்டத்தட்ட மூணு மணி நேரம் ஆகும். நிறைஞ்சா டாஃபிங், அதாவது அத்தனை காப்பையும் உருவிட்டு காலி ட்யூப் போடுறது. பழைய மிஷின்ல இது கையால தான், டாஃபர் பொண்ணுங்க கூட்டமா வந்து மடமடன்னு உருவுவாங்க. அன்னைக்கு ராத்திரி பன்னெண்டே முக்காலுக்கு ஒரு டாஃபிங் முடிஞ்சுது, அப்ப அடுத்தது மூணே முக்காலுக்கு, சரியா அவ பிரேக்ல வந்து விழும். ஊர்ல திருவிழா, டாஃபர்ல ரெண்டு பேர் வரல. சூப்பர்வைசர் ரிலீவரைக் கூப்பிட்டு டாஃபிங்ல விட்டுட்டார். "மாரி, கொஞ்சம் பொறுத்துக்கம்மா, முடிச்சுட்டு அனுப்புறேன்." அவர் கெட்டவர் இல்ல, அவருக்கும் ஆள் இல்ல.

அவ பிரேக் மூணரைல இருந்து நாலரைக்குத் தள்ளிப்போச்சு. கதையில நடக்குறது இவ்வளவு தான், ஆனா அவ வாய்க்குள்ள இருபது வாக்கியம் இருக்கு, அதை இன்னும் ஒரு மணி நேரம் சுமக்கணும். கடைசி வாக்கியம் அவளுக்கு ரொம்பப் பிடிச்சுப் போன வாக்கியம், எஸ்டேட் பங்களாவுல அந்தப் பழைய பெட்டியைத் திறக்குற இடம், பத்து நாளா அதுக்குத் தான் காத்துட்டு இருந்தா: "பெட்டிக்குள்ளே பாம்பு மாதிரி ஒரு பின்னல்."

நாலரைக்கு ரிலீவர் வர்றா. ஓடுறா. லாக்கர், கைரேகை, திறக்கல, கோடு. கேன்டீன்ல உக்காந்து அடிக்க ஆரம்பிச்சு, பத்தொம்பது வாக்கியமும் வருது. இருபதாவது வரல. பெட்டின்னு தெரியுது, அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. டீ ஆறுது. என் டிராஃப்ட்ல அந்த இடம் இப்படி இருக்கு:

"பெட்டி என்று அடித்தாள். அழித்தாள். அவல் பெட்டியை என்று அடித்தாள். எதிரே சுவரில் முள் நாலு ஐம்பதைத் தாண்டியது. பெட்டிக்குள் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியும், ஒரு மணி நேரமாக அதைத்தான் மென்றுகொண்டிருந்தாள். இப்போது வாய் காலியாக இருந்தது."

அவ மனசுல என்ன ஓடுச்சு, எவ்வளவு வருத்தம்னு இதுக்கு மேல எழுதினா கெட்டுரும். போனை வச்சுப் பூட்டிட்டு உள்ள போறா.

படி 8: முடிவுக்குத் தேவையானதை முன்னாடியே நட்டு வைங்க

மில்லுக்குள்ள போய்ட்டு வந்தவங்களுக்குத் தெரியும், ரிங் ஃப்ரேம் ஷெட்டுல பேசுறது காதுல விழாது. காதுல வாயை வச்சுக் கத்தினாத்தான் உண்டு. அதனால அங்க வேலை பாக்குற பொம்பளைங்க உதட்டைப் பாத்தே பேசிக்குவாங்க, கையையும் சேத்துக்குவாங்க. ரெண்டு மிஷின் தள்ளி நிக்குறவ கிட்ட குழம்பு என்னன்னு கேட்டுப் பதிலும் வாங்கிருவாங்க. சத்தமே இல்லாத அரட்டை, நானே ஆரம்பத்துல பாத்து மிரண்டிருக்கேன், அப்புறம் எனக்கும் பாதி புரிய ஆரம்பிச்சுது.

பக்கத்து மிஷின் பாண்டியம்மா அக்கா, வயசு ஐம்பது கிட்ட. முத்துமாரி வாய்க்குள்ள வாக்கியம் சொல்லிக்கிட்டே நடக்குறா இல்லையா. அப்ப ரெண்டு வருஷமா அந்த நாவலை ஒருத்தி படிச்சுட்டு இருக்கா.

இது வேலை செய்யணும்னா மூணு விஷயத்தை முன்னாடியே போட்டு வைக்கணும், முடிவுல வந்து விளக்கக் கூடாது. முதல்ல மாஸ்க். மில்லுல மாஸ்க் போடணும், மாஸ்க் போட்டா உதடு எங்க தெரியும்? கதையோட முதல் பாராவுலயே அவ மாஸ்க் தாடையில கிடக்கணும், வேர்வை தாங்காம இறக்கி விட்டது, சூப்பர்வைசர் வந்தா மட்டும் மேல ஏத்துவா. ரெண்டாவது, உதட்டுப் பேச்சை நடுவுல வேற ஒரு சாதாரண விஷயத்துக்கு ஒரு தடவை காட்டிருங்க. என் கதையில ஒரு மணி சுமாருக்கு பாண்டியம்மா "பெட்டி"ன்னு சொல்றா, முத்துமாரி "மெட்டி"ன்னு புரிஞ்சுக்கிட்டு காலைக் குனிஞ்சு பாக்குறா, ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க. டிஃபன் பெட்டியைத் தான் அக்கா கேட்டா.

மூணாவது அந்த வாக்கியமே. க, த, ச எல்லாம் வாய்க்குள்ள நடக்குற எழுத்து, உதட்டுல ஒண்ணும் தெரியாது. ப, ம தான் உதடு ஒட்டுற எழுத்து, வ-வும் கொஞ்சம் தெரியும். அதனால அந்த வாக்கியத்துல ப-வும் ம-வும் நிறைய இருக்குற மாதிரி பாத்துக்கிட்டேன், கண்ணாடி முன்னாடி நின்னு சத்தம் இல்லாம சொல்லிப் பாத்தேன், எங்க வீட்டுல ஒரு மாதிரி பாத்தாங்க. ஆனா அதுல ஒரு சிக்கல் இருக்கு, ப-வுக்கும் ம-வுக்கும் உதடு ஒரே மாதிரி தான் ஒட்டும். பார்க்குறவங்களுக்குப் பெட்டியும் மெட்டியும் ஒண்ணு. முதல்ல இதை ஒரு குறையா நெனச்சு வேற வாக்கியம் தேடிட்டு இருந்தேன், ரெண்டு நாள் கழிச்சுத் தான் தெரிஞ்சுது கதையோட முடிவே அதுக்குள்ள இருக்குன்னு.

கடைசியில ஒரு வேலை இருக்கு. எழுதி முடிச்சதும் கேன்டீன் காட்சி எத்தனை வரி, மிஷின் நடை எத்தனை வரின்னு எண்ணிப் பாருங்க. கேன்டீன் அதிகமா இருந்தா வெட்டுங்க. பாண்டியம்மா "நான் உன் நாவலை ரெண்டு வருஷமா படிக்கிறேன்"னு எங்கயாவது வாய் விட்டுச் சொல்றாளான்னு பாருங்க, சொன்னா அந்த வரியை எடுத்துருங்க. முத்துமாரி கண் கலங்குறாளா, அதையும் எடுத்துருங்க, அவளுக்கு இழை அறுந்து கிடக்கு, கலங்க நேரம் இல்ல.

இதெல்லாம் போக என் கதையோட கடைசிப் பகுதி இது:

"ரிலீவர் மூணு இழையை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தாள். முதல் இரண்டை ஒட்டிவிட்டு மூன்றாவதுக்கு முழங்காலை வைத்தபோது எதிரே பாண்டியம்மா நிற்பது தெரிந்தது. கையில் காப்பு. மாஸ்க்கைத் தாடைக்கு இழுத்துவிட்டு என்ன ஆச்சு என்று கேட்டாள்.

முத்துமாரி கையை விரித்தாள். போச்சு.

பாண்டியம்மா ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாள். பிறகு, குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது நாமும் வாயைத் திறப்போமே, அப்படி மெதுவாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக வைத்தாள். பெட்டிக்குள்ளே. பாம்பு மாதிரி. ஒரு.

கடைசிச் சொல்லுக்கு உதடு ஒட்டிப் பிரிந்தது. பின்னலா, மின்னலா. முத்துமாரி இன்னொரு தடவை என்று விரலைக் காட்டினாள். அக்கா இன்னொரு தடவை சொன்னாள். அதே உதடு.

பிறகு காப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உள்ளங்கையை மேலே திருப்பி, அப்புறம் என்று கேட்டாள்."